விற்பனைக் கணிப்பில் ஒத்துப்போகாத இருவர்: நடுவிலையா, இலக்குத் தொகையா, விகிதத் தொகையா?

ஒரு தொழில் கைமாறும்போது விலை பேச்சு முறிந்துபோவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதிகம் பார்க்கக்கூடியது ஒன்றுதான்: விற்பவர் அடுத்த வருட விற்பனை ஒரு அளவில் வரும் என்கிறார், வாங்குபவர் அதைவிடக் குறைவாகத்தான் வரும் என்கிறார். இருவரும் பார்ப்பது ஒரே கணக்குப் புத்தகம், ஒரே வாடிக்கையாளர் பட்டியல். இருவருமே நேர்மையாகத்தான் சொல்கிறார்கள். நடக்காத ஒன்றைப் பற்றிய கருத்து என்பதால் யார் சரி என்று அன்றைக்கு நிரூபிக்க வழியே இல்லை. வாதம் நீள நீள, ஒவ்வொருவருக்கும் எதிரில் இருப்பவர் தன்னை ஏமாற்றுகிறார் என்ற எண்ணம்தான் வலுக்கும்.

இந்த இடத்தில் எடுக்கக்கூடிய வழிகள் மூன்று. நடுவில் ஒரு விலையில் முடித்துக்கொள்வது முதல் வழி. ஒரு பகுதியை இப்போது கொடுத்து, விற்பனை குறிப்பிட்ட இலக்கைத் தொட்டால் மட்டும் மீதியைக் கொடுப்பது இரண்டாவது. மீதியை விற்பனையோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும்படி வைப்பது மூன்றாவது. பின் இரண்டும் எதிர்கால விளைவைப் பொறுத்த ஒப்பந்தங்கள். நிறுவனங்களை வாங்கி விற்பவர்கள் இதை எர்ன்-அவுட் என்பார்கள். இந்த மூன்றையும் ஒரே உதாரணத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எந்தச் சூழலில் எது சரி என்பது அப்போதுதான் புலப்படும்.

உதாரணம்

சிறிய தயாரிப்புத் தொழில் ஒன்று. பேச்சு வசதிக்காகத் தொகைகளை லட்சத்தில் சொல்கிறேன். இந்த மாதிரித் தொழிலுக்கு விலை ஏறக்குறைய ஒரு வருட விற்பனைக்குச் சமம் என்று இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆகவே தகராறு விலையைப் பற்றியது அல்ல, விற்பனையைப் பற்றியது.

விற்பவர் அடுத்த வருடம் 100 வரும் என்கிறார். அவரையே கொஞ்சம் கிளறிக் கேட்டால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் 80ஆகக் குறையலாம், இன்னொரு கால்பங்கு வாய்ப்பில் 120ஆக உயரலாம், பாதி வாய்ப்பு 100 என்பார். வாங்குபவர் சொல்வது 70. அவரும் கால்பங்கு வாய்ப்பில் 50, பாதி வாய்ப்பில் 70, கால்பங்கு வாய்ப்பில் 90 என்று பிரிப்பார். இப்படிப் பிரித்துக் கேட்பது மிக முக்கியம். ஒற்றை எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நிபந்தனை ஒப்பந்தம் எழுதினால், அதன் உண்மையான மதிப்பு இருவருக்குமே தெரியாது. காரணத்தைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

விற்பவருக்கு 88க்குக் குறைந்தால் தொழிலைத் தானே தொடர்ந்து நடத்துவதே மேல். வாங்குபவரால் 78க்கு மேல் போக முடியாது.

நடுவிலை

88க்கும் 78க்கும் நடுவில் 83. விற்பவர் ஏற்கமாட்டார், ஏனென்றால் அது அவருடைய அடிவிலைக்குக் கீழே. வாங்குபவரும் ஏற்கமாட்டார், அது அவருடைய உச்சத்துக்கு மேலே. 'ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்' என்று மூன்றாவது ஆள் எத்தனை முறை சொன்னாலும் இங்கே விட்டுக்கொடுக்க இடம் இல்லை. யாராவது ஒருவர் தன் கணிப்பைத் தவறென்று ஒப்புக்கொண்டால்தான் வழி பிறக்கும். தன் கணிப்பை உண்மையாக நம்புபவர் அதைச் செய்யமாட்டார்.

ஆனால் நடுவிலையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இடைவெளி சிறியதாக இருந்து, இருவருடைய வரம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுமானால் நடுவிலைதான் சிறந்தது. அன்றோடு கணக்கு முடிந்துவிடும், பிறகு யாரும் யாருடைய புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை. நிபந்தனை ஒப்பந்தத்துக்கு வக்கீல் செலவு உண்டு, வருடக் கணக்குத் தணிக்கைச் செலவு உண்டு, தகராறு வரும் அபாயமும் உண்டு. இந்தச் செலவுகளையெல்லாம் கூட்டினால், கணிப்பு வேறுபாடு விலையில் ஐந்தாறு சதவீதம் மட்டுமே என்றால் நிபந்தனை எழுதுவது வீண் வேலை என்பது என் கருத்து. நம் உதாரணத்தில் வேறுபாடு முப்பது சதவீதம். அங்கே கதை வேறு.

இலக்குத் தொகை

இப்போது 65 கையில், வருட விற்பனை 90ஐத் தொட்டால் கூடுதலாக 35. இதுதான் நிறையப் பேர் முதலில் யோசிக்கும் வடிவம், ஏனென்றால் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம்.

விற்பவர் கண்ணில் 90ஐத் தொட முக்கால் பங்கு வாய்ப்பு இருக்கிறது. 35இல் முக்கால் என்றால் 26.25. அதோடு 65ஐச் சேர்த்தால் அவருக்கு இந்த ஒப்பந்தத்தின் மதிப்பு 91.25. அது அவருடைய 88ஐவிட மேல். வாங்குபவர் கண்ணில் 90ஐத் தொடும் வாய்ப்பு கால்பங்குதான், அதாவது 8.75. மொத்தம் 73.75. அது அவருடைய 78ஐவிடக் கீழ். ஆக, ஒருவருக்கு 91.25 வாங்குவது போலவும் இன்னொருவருக்கு 73.75 கொடுப்பது போலவும் தெரிகிறது. எவரும் தன் கணிப்பை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனாலும் கையெழுத்துப் போடலாம். பேச்சை முறித்த கருத்து வேறுபாடேதான் இங்கே ஒப்பந்தத்தின் மூலப்பொருளாக இருக்கிறது. மேக்ஸ் பேசர்மனும் ஜேம்ஸ் கில்லெஸ்பியும் 1999இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை இதைத்தான் எதிர்காலத்தின் மேல் கட்டும் பந்தயம் என்று விளக்கியது.

இப்போது அந்தப் பிரித்துக் கேட்ட விஷயத்துக்கு வருவோம். 'என் கணிப்பு 70, இலக்கு 90, ஆகவே எனக்கு இந்த 35 செலவே இல்லை' என்று வாங்குபவர் நினைத்தால் தவறு. அவருடைய சொந்தக் கணிப்பிலேயே 90 வர ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதன் விலை 8.75. இதைக் கணக்கில் எடுக்காமல் 'அது நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று தாராளமாக வாக்குக் கொடுப்பவர், பின்னால் பணம் கொடுக்க வேண்டி வரும்போது நொந்துபோவார். நொந்துபோனவர்தான் ஓட்டைகளைத் தேட ஆரம்பிப்பார்.

இலக்குத் தொகையின் உண்மையான கோளாறு அந்த இலக்குக் கோட்டின் பக்கத்தில்தான் இருக்கிறது. வருடம் முடிய ஒரு மாதம் இருக்கிறது, இதுவரை விற்பனை 83 என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஏழு லட்சம் விற்பனையில் 35 லட்சம் தொங்குகிறது. தொழில் இப்போது வாங்குபவர் கையில். கடைசி வாரத்தில் போக வேண்டிய இரண்டு பெரிய சரக்கை அடுத்த வருடத் தொடக்கத்துக்குத் தள்ளி வைத்தால் அவருக்கு 35 மிச்சம். வாடிக்கையாளருக்குப் பெரிய நஷ்டம் இல்லை, ஒரு கடிதத்தில் 'உற்பத்தித் தாமதம்' என்று எழுதினால் போதும். மாறாக, விற்பவரே மேலாளராகத் தொடர்கிறார் என்றால் அழுத்தம் எதிர்ப்பக்கம் இருக்கும். விநியோகஸ்தர்களிடம் தேவைக்கு மேல் சரக்கைத் திணிப்பார், பெரிய தள்ளுபடி கொடுப்பார், நீண்ட கடன் தவணை கொடுப்பார். 90 வந்துவிடும். அடுத்த காலாண்டில் பாதி சரக்கு திரும்பி வரும்.

இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்றால், முடியும். கடைசி மாதத்தின் விற்பனை மற்ற மாதங்களின் சராசரியைவிட எவ்வளவு விலகியிருக்கிறது, வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய பாக்கி எத்தனை நாட்களாக நீண்டிருக்கிறது, அடுத்த மூன்று மாதத்தில் திரும்பி வந்த சரக்கு எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் திணிப்பு வெளியே தெரிந்துவிடும். தள்ளிப்போட்டதைக் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம். ஆர்டர் வந்த தேதிக்கும் அனுப்பிய தேதிக்கும் இடையிலான நாட்களை முந்தைய வருடங்களோடு ஒப்பிட வேண்டும். அந்தப் பதிவைப் பார்க்கும் உரிமை விற்பவருக்கு ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால்தான் பார்க்க முடியும்.

யாரும் எதையும் தள்ளிப்போடாத இடத்திலும் ஒற்றைக் கோடு கொடூரமானது. பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப் நிறுவனம் 2019இல் செல்ஜீனை வாங்கியபோது, பங்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உரிமையும் கொடுத்தது. மூன்று மருந்துகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி அவற்றுக்கென்று குறித்த தேதிகளுக்குள் கிடைத்தால் உரிமைக்கு 9 டாலர். ஒன்று தவறினாலும் எதுவும் இல்லை. அவற்றில் லிசோ-செல் என்ற சிகிச்சைக்குக் கெடு 2020 டிசம்பர் 31. அனுமதி வந்தது 2021 பிப்ரவரி 5. 36 நாள் தாமதம், உரிமையின் மதிப்பு சுழியம். வழக்குகள் பிறந்தன. அடிப்படைக் கேள்வி மருந்து வேலை செய்யுமா என்பதுதான். மருந்து வேலை செய்தது, அனுமதியும் பெற்றது. ஆனாலும் தொகை ஒரு நாட்காட்டித் தேதியைப் பார்த்து முடிவானது. இருவரும் எதில் மாறுபட்டார்களோ அதை அளக்காமல், பக்கத்தில் இருக்கும் இன்னொன்றை அளக்கிறது ஒற்றைக் கோடு.

விகிதத் தொகை

அதே 65 கையில். 70க்கு மேல் வரும் ஒவ்வொரு லட்சம் விற்பனைக்கும் ஒரு லட்சம், அதிகபட்சம் 35.

விற்பவர் கண்ணில்: 80 வந்தால் 10, 100 வந்தால் 30, 120 வந்தால் உச்சவரம்பான 35. வாய்ப்புகளோடு பெருக்கிக் கூட்டினால் 26.25. மொத்தம் 91.25, அதாவது இலக்குத் தொகையில் கிடைத்த அதே மதிப்பு. வாங்குபவர் கண்ணில்: 50க்கும் 70க்கும் எதுவும் இல்லை, 90 வந்தால் 20, அதற்குக் கால்பங்கு வாய்ப்பு, ஆகவே 5. மொத்தம் 70. விற்பவருக்கு ஒரு பைசா குறையாமல் வாங்குபவருக்கு 3.75 மிச்சமாகிறது. இந்த மிச்சத்தை வைத்துக் கையில் கொடுக்கும் தொகையைக் கொஞ்சம் உயர்த்தலாம், விற்பவருக்கு அது பெரிய ஆறுதல்.

இந்த எண்கள் நான் எடுத்துக்கொண்ட வாய்ப்புகளைப் பொறுத்தவை. வேறு எண்கள் வைத்தால் வித்தியாசம் கூடலாம், குறையலாம், திரும்பியும் நிற்கலாம். ஆனால் கோட்டின் அருகில் நடப்பது எந்த எண்ணிலும் மாறாது. கடைசி மாதத்தில் இரண்டு லட்சம் சரக்கைத் தள்ளிப்போட்டால் மிச்சமாவது இரண்டு லட்சம்தான், 35 அல்ல. அந்த அளவுக்காக வாடிக்கையாளரைக் கோபப்படுத்த யாரும் மெனக்கெடமாட்டார்கள். கணக்குத் தகராறு வந்தாலும் அப்படியே. ஒரு விலைப்பட்டியல் இந்த வருடமா அடுத்த வருடமா என்ற கேள்வி இரண்டு லட்சத்துக்கானது என்றால் பேசித் தீர்ப்பார்கள், 35 லட்சத்துக்கானது என்றால் நீதிமன்றத்துக்குப் போவார்கள்.

சரி, விகிதத் தொகை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதா? இல்லை. நான் மேலே எழுதிய வடிவத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு கூடுதல் லட்சம் விற்பனைக்கும் வாங்குபவர் ஒரு லட்சம் கொடுக்கிறார். அந்த விற்பனையில் மூலப்பொருள், கூலி, போக்குவரத்து எல்லாம் போக அவருக்கு நிற்பது எவ்வளவு? நூற்றுக்கு நாற்பது என்று வைப்போம். அப்படியானால் முதல் வருடத்தில் 70க்கு மேல் போகும் ஒவ்வொரு லட்சத்துக்கும் 40 ஆயிரம் சம்பாதித்து ஒரு லட்சம் கொடுக்கிறார், அறுபதாயிரம் கைநஷ்டம். அந்த வருடத்தில் விற்பனையாளர்களைக் கொஞ்சம் ஓய்வாக இருக்கச் சொல்லி, விளம்பரத்தை ஒத்திப்போட்டு, இரண்டாம் வருடத்தில் வேகம் எடுப்பதே அவருக்கு லாபம். இதற்குப் பொய்க் கணக்கு எதுவும் தேவையில்லை. முதலாளிக்குத் தன் தொழிலை எப்படி நடத்துவது என்ற சாதாரண உரிமையே போதும். இலக்குத் தொகையில் ஒரு மாதத்துக்குள் குவிந்திருந்த ஆபத்து, இங்கே வருடம் முழுவதும் மெல்லிசாகப் பரவியிருக்கிறது.

விடை, விகிதத்தைக் குறைத்துக் காலத்தை நீட்டுவது. ஒரு லட்சத்துக்கு ஒரு லட்சம் ஒரு வருடம் என்பதற்குப் பதில், ஒரு லட்சத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மூன்று வருடம். விற்பனை விற்பவர் சொன்ன 100லேயே நின்றால், வருடத்துக்கு 30 கூடுதல், அதில் மூன்றில் ஒன்று 10, மூன்று வருடத்தில் 30. மொத்தம் அதேதான். ஆனால் இப்போது ஒவ்வொரு கூடுதல் லட்சத்துக்கும் வாங்குபவர் 40 ஆயிரம் சம்பாதித்து ஏறக்குறைய 33 ஆயிரம் கொடுக்கிறார். விற்பது அவருக்கும் லாபம். கொடுக்கும் விகிதம், கூடுதல் விற்பனையில் நிற்கும் லாப விகிதத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். விகிதத் தொகை எழுதும்போது முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான், ஆனால் நிறைய வரைவுகளில் இந்தக் கணக்கே இருக்காது.

காலத்தை நீட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. முதல் வருடத்திலிருந்து இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிய சரக்கும் கணக்குக்குள்ளேயே வந்து விழும். தள்ளிப்போடுவதால் பலன் இருப்பது மூன்றாம் வருட முடிவில் ஒரே ஒரு முறை. திரும்பி வரும் சரக்கும் அடுத்த வருடக் கணக்கில் தானாகக் கழிந்துவிடும், கடைசி வருடத்துக்கு மட்டும் 'முடிந்து 90 நாட்களுக்குள் திரும்பி வந்தவை கழிக்கப்படும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பாதகம், விற்பவர் காத்திருக்க வேண்டும். மூன்றாம் வருடத்தில் கிடைக்கும் பணம் இன்றைய பணத்துக்குச் சமமல்ல. அதற்கு ஈடாகக் கையில் கொடுப்பதை 65இலிருந்து 67, 68 என்று உயர்த்துவது நியாயம். வாங்குபவருக்கு அதற்கு இடம் இருப்பதை மேலே பார்த்தோம்.

எதை அளப்பது, பணம் யாரிடம் இருப்பது

விற்பனையை அளப்பதா, லாபத்தை அளப்பதா என்று கேட்பார்கள். வாங்குபவர்கள் லாபத்தை விரும்புவார்கள், கடைசியில் அவர்களுக்கு வேண்டியது அதுதான். விற்பவருக்கு நான் சொல்வது விற்பனை, அல்லது விற்பனையில் நேரடிச் செலவைக் கழித்த மொத்த லாபம். அதற்குக் கீழே இறங்காதீர்கள். நிகர லாபத்தில் தலைமை அலுவலகச் செலவில் ஒரு பங்கு, புதிய மென்பொருள் செலவு, இயக்குநர்கள் சம்பளம் என்று எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், எல்லாமே சட்டப்படி சரியான கணக்காகவும் இருக்கலாம். விற்பனை என்றாலும் பொருளை வரையறுக்க வேண்டும். தள்ளுபடி போகவா, வரி சேர்த்தா, விலைப்பட்டியல் போட்ட தேதியா, சரக்கு சேர்ந்த தேதியா, வாங்குபவரின் வேறு நிறுவனங்களுக்கு விற்றது சேருமா, வாங்குபவர் தன் பொருளோடு இந்தப் பொருளைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அதில் எவ்வளவு இதன் பங்கு? கடைசிக் கேள்வியை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை. வாங்குபவருக்கு ஏற்கனவே அதே வாடிக்கையாளர்கள் இருந்தால் அதுதான் முதலில் வெடிக்கும்.

'வாங்குபவர் தன்னால் இயன்ற முயற்சி எடுப்பார்' என்ற வாசகத்தை நம்பி விகிதத்தையும் காலத்தையும் அலட்சியமாக விடுவது அபாயம். சனோஃபி 2011இல் ஜென்சைமை வாங்கியபோது பங்குக்கு 74 டாலர் ரொக்கமும், மேலே 14 டாலர் வரை தரக்கூடிய நிபந்தனை உரிமையும் கொடுத்தது. அந்த 14இல் பெரும்பகுதி லெம்ட்ராடா என்ற மருந்தின் அனுமதியையும் விற்பனையையும் பொறுத்தது. மருந்தின் எதிர்காலத்தில் இரு நிறுவனங்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்ததால்தான் அந்த ஏற்பாடே. அனுமதிக்கான கெடு 2014 மார்ச் 31, அனுமதி வந்தது அந்த வருடம் நவம்பரில். விற்பனை இலக்குகளும் எட்டவில்லை. உரிமையாளர்கள், சனோஃபி போதிய முயற்சி எடுக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2019இல் 31.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. முயற்சி என்பதை யார் அளப்பது? மருந்துக்கு எத்தனை விற்பனைப் பிரதிநிதிகள் போதும் என்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் விடை இல்லை.

அமெரிக்காவின் டெலாவேர் மாநில உச்ச நீதிமன்றம் 2015இல் லசார்ட் டெக்னாலஜி பார்ட்னர்ஸ், கினெட்டிக் வழக்கில் சொன்னதும் இங்கே பொருந்தும். எர்ன்-அவுட் தொகையைக் குறைக்கும் நோக்கத்தோடு வாங்குபவர் எதையும் செய்யக் கூடாது என்று அந்த ஒப்பந்தம் சொன்னது. வாங்குபவர் எடுத்த முடிவால் தொகை குறையும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பது மட்டும் போதாது, குறைக்க வேண்டும் என்ற நோக்கமும் ஓரளவாவது இருந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நோக்கத்தை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே விற்பவர் மனதை அளக்கும் வாசகங்களைக் கேட்பதைவிட, கண்ணால் பார்த்து எண்ணக்கூடியவற்றைக் கேட்பது நல்லது: இத்தனை விற்பனை ஊழியர்கள் இருப்பார்கள், இந்த விலைக்குக் கீழ் விற்கவோ இலவசமாகச் சேர்த்துக் கொடுக்கவோ கூடாது, தொழிலை வேறொருவருக்கு விற்றால் மீதித் தொகை முழுவதும் உடனே தர வேண்டும்.

அப்புறம், பணம். மூன்று வருடம் கழித்து வாங்குபவரிடம் பணம் இருக்குமா? நிபந்தனைத் தொகைக்காகக் காத்திருக்கும் விற்பவர், எந்த அடமானமும் இல்லாமல் கடன் கொடுத்தவருக்குச் சமம். வாங்குபவர் திவாலானால் வரிசையில் அடமானத்தின் பேரில் கடன் கொடுத்தவர்களுக்குப் பின்னால்தான் நிற்பார். இதற்கு எஸ்க்ரோ என்ற ஏற்பாடு இருக்கிறது: தொகையில் ஒரு பகுதியை மூன்றாம் தரப்பிடம் முதல் நாளே கட்டிவிட்டு, கணக்கு முடிந்ததும் யாருக்குச் சேர வேண்டுமோ அவருக்கு விடுவிப்பது. முழு 35ஐயும் முடக்கி வைக்க வாங்குபவர் சம்மதிக்கமாட்டார். தன் கணிப்பின்படி தான் கொடுக்க வாய்ப்புள்ள அளவு, நம் உதாரணத்தில் ஐந்து முதல் பத்து வரை, வைக்கச் சொல்வது இருவரும் ஒத்துக்கொள்ளக்கூடிய இடம்.

மறுத்தால் என்ன பொருள்

நிபந்தனை ஒப்பந்தத்துக்கு ஒரு துணைப் பயன் உண்டு. விற்பவர் 100 என்று சும்மா அளந்திருந்தால், 'சரி, 100 வந்தால் முழுப் பணம்' என்றதும் பின்வாங்குவார். பேச்சுவார்த்தைப் பாடங்களில் இதைப் பொய்யைப் பிடிக்கும் கருவி என்றே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. தன் கணிப்பை முழுதாக நம்பும் விற்பவரும் மறுக்கலாம். அவருக்கு உடனே பணம் வேண்டியிருக்கலாம். தொழில் கையைவிட்டுப் போனபின், அதை வேறொருவர் எப்படி நடத்துவார் என்பதன்மேல் தன் 35ஐ வைக்கப் பயப்படலாம், அந்தப் பயம் நியாயமானது.

இவற்றைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. மறுப்பின் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். முதலில் எஸ்க்ரோ தருவதாகச் சொல்லுங்கள். பிறகு மூன்று வருடமும் விற்பனைப் பிரிவை அவரே நடத்தலாம் என்று சொல்லுங்கள். பிறகு காலத்தைச் சுருக்குங்கள். பணப் பயமும் கட்டுப்பாட்டுப் பயமும் போனபிறகும் அவர் ரொக்கத்தை மட்டுமே கேட்டால், 100 என்ற எண்ணில்தான் சந்தேகம். எதிர்ப்பக்கமும் இதே எச்சரிக்கை வேண்டும். வாங்குபவர் பெரிய நிபந்தனைத் தொகைக்கு யோசிக்காமல் தலையாட்டினால், அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை. இந்தப் பொருளை ஆறு மாதத்தில் நிறுத்திவிடும் எண்ணம் அவருக்கு இருக்கலாம். 'இதே பொருளை இதே பெயரில் மூன்று வருடம் விற்பேன்' என்று எழுதச் சொல்லிப் பாருங்கள்.

என் தேர்வு

நம் உதாரணத்தில் நான் எடுப்பது விகிதத் தொகை: கையில் 67 அல்லது 68, 70க்கு மேல் மூன்றில் ஒரு பங்கு, மூன்று வருடம், மொத்த உச்சவரம்பு 35, மொத்த விற்பனையில் தள்ளுபடியும் திரும்பியதும் போக, ஐந்து முதல் பத்து எஸ்க்ரோவில். உச்சவரம்பு விற்பவருக்குப் பிடிக்காது, ஆனால் அது இல்லாமல் வாங்குபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பதே சிரமம்.

இலக்குத் தொகையை வைப்பது, விளைவு இயல்பிலேயே ஆம் அல்லது இல்லை என்று இருக்கும்போது மட்டும்: உரிமம் கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை, பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார் அல்லது புதுப்பிக்கவில்லை. அங்கேயும் கெடு தேதியைச் சுவராக வைக்காமல், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் தொகையில் பத்தில் ஒன்று குறையும் என்று எழுதினால் 36 நாள் தாமதத்தில் எல்லாம் போகாது.

ஒரு நிலைமையில் இரண்டையும் விட்டுவிடுவேன். வாங்குபவர் இந்தத் தொழிலை முதல் மாதத்திலேயே தன் பெரிய தொழிலுக்குள் கரைக்கப் போகிறார், அதே ஊழியர்கள், அதே விலைப்பட்டியல், அதே கிடங்கு என்றால், பிறகு 'இந்தத் தொழிலின் விற்பனை' என்று தனியாக எடுத்துக் காட்ட எதுவும் இருக்காது. கரைப்பதை நிபந்தனைக்காக மூன்று வருடம் தள்ளிப்போடச் சொல்வது, வாங்கியதன் பலனையே கெடுக்கும். அப்போது கையெழுத்துக்கு முன்னால் ஆறு மாதம் காத்திருந்து உண்மையான விற்பனையைப் பார்த்துவிட்டு ரொக்க விலை பேசலாம். காத்திருக்க முடியாதென்றால், 88க்குக் குறையாமல் தரக்கூடிய வேறு வாங்குபவரைத் தேடுவதுதான் விற்பவருக்கு மிச்சமிருக்கும் வழி.